குதிரையும் மறக்காது, பிஷப்பும் மறக்காது

வெறும் சதுரங்கப் பலகையில் ஒரு குதிரையை மட்டும் வையுங்கள். அது போகக்கூடிய கட்டங்களுக்குள் குலுக்கல் போட்டு, விழுந்த கட்டத்துக்கு நகர்த்துங்கள். மறுபடியும் குலுக்கல். அடுத்து எங்கே என்பது இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. முன்பு வந்த வழிக்கு அதில் பங்கில்லை. ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்கோவ் 1906-இல் ஆராயத் தொடங்கிய சங்கிலி இத்தகையதுதான்.

போதுமான தடவை நகர்த்தினால், தொடங்கிய இடம் மறந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிலையான வாய்ப்பு அமையும் என்று எதிர்பார்ப்போம். மூலைக் கட்டத்திலிருந்து குதிரைக்கு 2 வழிகள், நடுவிலிருந்து 8. 64 கட்டங்களுக்கும் கூட்டினால் 336. ஆகவே மூலையின் பங்கு 336-இல் 2, அதாவது 168-இல் 1. ஆயிரக்கணக்கான நகர்வுகளை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய இதுதான் கிடைக்கும்.

ஆனால் குதிரை ஒவ்வொரு நகர்விலும் நிறம் மாறும். கறுப்பு மூலையில் தொடங்கினால் 1001-ஆம் நகர்வுக்குப் பின் அது வெள்ளைக் கட்டத்தில்தான் நிற்கும்; மூலையில் இருக்க வாய்ப்பே இல்லை. 1002-ஆம் நகர்வுக்குப் பின்போ அந்த வாய்ப்பு ஏறக்குறைய 84-இல் 1. பூஜ்யத்துக்கும் இதற்குமாக ஊசலாடுமே தவிர, 168-இல் 1 என்பதில் வாய்ப்பு ஒருபோதும் நிற்காது. இது இரண்டு நகர்வுக்கு ஒரு சுற்று கொண்ட சங்கிலி. மருந்து எளிது: ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் குதிரையை நகர்த்தாமல் விடுங்கள். ஒற்றை, இரட்டைக் கணக்கு குலைந்துவிடும், வாய்ப்பும் அடங்கிவிடும்.

மூலைவிட்டமாக ஓடும் பிஷப்புக்கு இந்த மருந்து பலிக்காது. அதன் நோயே வேறு. கறுப்பில் தொடங்கிய பிஷப் கடைசிவரை கறுப்பில்தான். அதற்குள் எந்த ஊசலாட்டமும் இல்லை. கறுப்பு மூலையின் வாய்ப்பு ஒழுங்காக 40-இல் 1 என்று நிலைக்கும். வெள்ளையில் தொடங்கினால் அதே மூலைக்கு வாய்ப்பு என்றென்றும் பூஜ்யம். பலகை ஒன்றுதான், ஆனால் சங்கிலி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் அதுவும் ஒரு நிலையான பரவலே. எனவே ‘நீண்டகால விடை என்ன?’ என்ற கேள்விக்கு எண்ணற்ற விடைகள்.

கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நீண்ட சராசரியை மட்டும் பார்த்தால் குதிரையின் ஊசலாட்டம் தெரியாது. ஒரே இடத்திலிருந்து மட்டும் ஓட்டினால் பிஷப்பின் பிளவு தெரியாது. பல இடங்களிலிருந்து தொடங்கி, ஒற்றை நகர்வுகளையும் இரட்டை நகர்வுகளையும் தனித்தனியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூகுளின் பேஜ்ரேங்க் 1998-இல் கையாண்ட வழி வேறு. இணைப்புகளைப் பின்பற்றிச் செல்பவர் சுமார் 15 சதவீதம் தடவை ஏதோவொரு பக்கத்துக்குத் தாவுவதாக வைத்துக்கொண்டார்கள். பிஷப்புக்கும் 100-இல் ஒரு தடவை எந்தக் கட்டத்துக்கும் தாவ அனுமதி கொடுத்தால் ஒரே விடை வந்துவிடும்: கறுப்புக்குப் பாதி, வெள்ளைக்குப் பாதி. அந்தப் பாதியோ பிஷப்பின் ஆட்டத்திலிருந்து வந்ததல்ல, நாம் சேர்த்த தாவலிலிருந்து வந்தது.