லாபத்துக்கு ஒரு விகிதம், சொத்துக்கு வேறு விகிதம்

வெளிநாட்டில் துணை நிறுவனம் வைத்திருக்கும் இந்திய நிறுவனம், ஆண்டு முடிவில் இரண்டின் கணக்குகளையும் சேர்த்து ஒரே தொகுப்புக் கணக்காக ரூபாயில் வெளியிட வேண்டும். துணை நிறுவனம் தன் கணக்கைத் தன் ஊர் நாணயத்தில்தான் எழுதி வைத்திருக்கும். டாடா மோட்டார்ஸ் 2008-இல் வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவரின் கணக்கு பவுண்டில் எழுதப்படுகிறது. அந்தப் பவுண்டுகளை எந்த நாளின் விகிதத்தில் ரூபாயாக்குவது என்பதை இந்தியாவில் ‘இண்ட் ஏ.எஸ். 21’ என்ற கணக்கியல் தரநிலை வகுத்துள்ளது. அதன் மூலம், பல நாடுகள் பின்பற்றும் ‘ஐ.ஏ.எஸ். 21’ என்ற சர்வதேசத் தரநிலை. இருப்புநிலைக் குறிப்பில் உள்ள சொத்துகளையும் கடன்களையும் ஆண்டின் கடைசி நாள் விகிதத்தில் மாற்ற வேண்டும் என்கிறது அது. லாப நட்டக் கணக்கில் உள்ள வரவு செலவுகளை, அவை நடந்த அன்றைய விகிதத்தில் மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான பில்களுக்குத் தனித்தனியாக விகிதம் தேடுவது நடவாத காரியம் என்பதால், அந்தக் காலத்தின் சராசரி விகிதத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற சலுகையும் தரப்பட்டுள்ளது.

சராசரி என்பது சலுகைதான், விதி அல்ல. இந்தத் துறையில் நேரும் பிழைகளில் பாதி, இதை மறப்பதால் வருகிறது.

இருப்புநிலைக் குறிப்பு ஒரு குறிப்பிட்ட நாளின் நிலையைச் சொல்கிறது. மார்ச் 31 அன்று லண்டன் வங்கியில் இருக்கும் பணத்துக்கு அன்றைய விலைதான் உண்டு. ஜூலையில் பவுண்டு என்ன விலைக்குப் போனது என்பது அந்தப் பணத்துக்குச் சம்பந்தமில்லை. லாபம் அப்படி ஒரே நாளில் வருவதல்ல. ஏப்ரலில் விற்ற பொருளின் லாபம் ஏப்ரலிலேயே ஈட்டப்பட்டுவிட்டது. அதை அடுத்த மார்ச் மாத விகிதத்தில் மாற்றினால், வியாபாரத்தில் வந்த லாபத்தோடு நாணய விலையின் ஏற்ற இறக்கமும் கலந்துவிடும். இரண்டு அறிக்கைகளுக்கும் இரண்டு விகிதங்கள் என்று ஆனதன் காரணம் இதுதான். ஆனால் இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்தவை. ஒன்றின் கடைசி வரியான லாபம், மற்றதில் பங்குதாரர் நிதியின் கீழ் போய் உட்கார வேண்டும். விகிதம் வேறானால் அங்கே ஒரு இடைவெளி விழத்தானே செய்யும்?

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டில் அந்த இடைவெளியை அளந்து பார்க்கலாம். ஓர் இந்திய நிறுவனம் ஏப்ரல் 1 அன்று பிரிட்டனில் 10 லட்சம் பவுண்டு மூலதனம் போட்டு ஒரு துணை நிறுவனம் தொடங்குகிறது. முழுப் பங்கும் அதனுடையதே. அன்று பவுண்டு 100 ரூபாய். ஆண்டின் சராசரி 105 ரூபாய், அடுத்த மார்ச் 31 அன்று 110 ரூபாய். அந்த ஆண்டில் துணை நிறுவனம் ஈட்டிய லாபம் 2 லட்சம் பவுண்டு. ஆண்டு முடிவில் அதன் சொத்துகள் 15 லட்சம் பவுண்டு, வங்கிக் கடன் 3 லட்சம், ஆக நிகரச் சொத்து 12 லட்சம் பவுண்டு.

முதலில் இருப்புநிலைக் குறிப்பு. எல்லாவற்றையும் 110-ஆல் பெருக்கினால் சொத்து 16.50 கோடி ரூபாய், கடன் 3.30 கோடி, நிகரச் சொத்து 13.20 கோடி. இயந்திரமானாலும் சரக்கானாலும் ரொக்கமானாலும் ஒரே விகிதம்தான். துணை நிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்தால், அப்போது கொடுத்த நற்பெயர் மதிப்பையும் அந்த நிறுவனத்தின் சொத்தாகவே கருதி, இறுதி நாள் விகிதத்திலேயே மாற்ற வேண்டும்.

அடுத்து, இந்த 13.20 கோடிக்கு எதிரே நிற்கும் பங்குதாரர் நிதி. மூலதனத்துக்கு எந்த விகிதம் என்று தரநிலை வெளிப்படையாகச் சொல்லவில்லை. பணம் போட்ட அன்றைய விகிதத்தையே வைத்துக்கொள்வது நடைமுறை. அதன்படி மூலதனம் 10 கோடி ரூபாய். லாபம் சராசரி விகிதத்தில் 2.10 கோடி. கூட்டினால் 12.10 கோடிதான் வருகிறது. 1.10 கோடி ரூபாய் இடிக்கிறது.

இந்த 1.10 கோடி எங்கிருந்தும் தொலைந்ததல்ல, தப்பாகக் கூட்டியதுமல்ல. ஆண்டின் தொடக்கத்தில் இருந்த 10 லட்சம் பவுண்டு, 100 ரூபாயிலிருந்து 110 ரூபாய்க்கு உயர்ந்ததில் ஒரு கோடி ரூபாய் கூடியது. ஆண்டு முழுவதும் சேர்ந்த 2 லட்சம் பவுண்டு லாபம், சராசரியான 105-இலிருந்து 110-க்கு உயர்ந்ததில் 10 லட்சம் ரூபாய் கூடியது. இரண்டும் சேர்ந்தால் சரியாக 1.10 கோடி. இந்தத் தொகை பங்குதாரர் நிதியின் கீழ் ‘வெளிநாட்டு நாணய மாற்றுக் காப்பு’ என்ற தனிக் கணக்கில் நிற்கும். தணிக்கையாளர்கள் பேச்சில் அது ‘எஃப்.சி.டி.ஆர்.’ அந்த ஆண்டின் லாபத்தில் அது சேராது. லாபத்துக்குக் கீழே ‘இதர விரிவான வருமானம்’ என்ற பகுதியின் வழியாகக் காப்புக்குப் போகும்.

லாபத்தில் ஏன் சேரவில்லை என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்று உண்டு. 1975-இல் அங்கே வந்த ‘எஃப்.ஏ.எஸ். 8’ என்ற தரநிலை, மாற்று வேறுபாட்டை உடனுக்குடன் லாப நட்டக் கணக்கிலேயே காட்டச் சொன்னது. அதிலும் இயந்திரம் போன்றவற்றுக்குப் பழைய விகிதம், கடனுக்குப் புதிய விகிதம். விளைவு, வியாபாரம் சீராக நடக்கும்போதே காலாண்டு லாபம் மேலும் கீழும் குதித்தது. நிறுவனங்களின் எதிர்ப்பு வலுத்து, 1981 டிசம்பரில் ‘எஃப்.ஏ.எஸ். 52’ அதை மாற்றியது. துணை நிறுவனம் விற்கப்படாமல் தன் ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வரை, அதன் ரூபாய் மதிப்போ டாலர் மதிப்போ கூடுவதும் குறைவதும் யார் கைக்கும் வந்த பணமல்ல. காப்பில் நிறுத்திவைப்பதே நியாயம்.

நம் எடுத்துக்காட்டின் இரண்டாம் ஆண்டு இதைத் தெளிவாகக் காட்டும். அந்த ஆண்டு லாபம் ஒரு லட்சம் பவுண்டு, சராசரி 108 ரூபாய், இறுதியில் பவுண்டு 104-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லாபம் 1.08 கோடி ரூபாய். ஆனால் தொடக்கத்தில் இருந்த 12 லட்சம் பவுண்டில், பவுண்டுக்கு 6 ரூபாய் வீதம் 72 லட்சம் ரூபாய் இறக்கம். புதிய லாபத்தில் 4 ரூபாய் வீதம் 4 லட்சம் இறக்கம். காப்பில் இருந்த 110 லட்சம், 76 லட்சம் குறைந்து 34 லட்சமாகிறது. நிகரச் சொத்து 13.52 கோடி. லாபம் ஒரு கோடிக்கு மேல் என்று அறிக்கை சொல்லும்போது, நிகரச் சொத்து கூடியதோ வெறும் 32 லட்சம். இரண்டும் உண்மையே.

இங்கே கவனிக்க வேண்டியது, சென்ற ஆண்டின் 2.10 கோடி லாபம் அப்படியே 2.10 கோடியாக நீடிப்பது. அதைப் புதிய இறுதி விகிதத்தில் மறுபடி மாற்றக் கூடாது. சோம்பேறித்தனமான எக்செல் தாள்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது. இன்னொன்று, லாப நட்டக் கணக்கையும் இறுதி விகிதத்திலேயே மாற்றிவிடுவது. முதல் ஆண்டில் அப்படிச் செய்தால் லாபம் 2.20 கோடி, காப்பு ஒரு கோடி. கூட்டினால் அதே 13.20 கோடி! இருப்புநிலைக் குறிப்பு சமமாகிவிடுவதால் எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. லாபம் மட்டும் 10 லட்சம் ரூபாய் ஊதியிருக்கும். பற்றும் வரவும் சமம் என்பதை வைத்து இந்தக் கணக்கு சரி என்று நம்புவது ஆபத்து. காப்புத் தொகையை இடிக்கிற மிச்சமாக எடுத்துக்கொள்ளாமல், மேலே செய்தது போல இரண்டு பகுதிகளாகத் தனியே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஆண்டுக்குள் டிவிடெண்ட் கொடுத்திருந்தாலோ கூடுதல் மூலதனம் போட்டிருந்தாலோ, அன்றைய விகிதத்துக்கும் இறுதி விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் அதில் சேர்க்க வேண்டும். அப்போதும் பொருந்தவில்லை என்றால், எங்கோ ஒரு வரி தவறான விகிதத்தில் மாறியிருக்கிறது.

நாணய விலை கடுமையாக மாறும் காலத்தில் சராசரியைப் பயன்படுத்துவது பொருத்தமல்ல என்று தரநிலையே சொல்கிறது. எகிப்து இதற்கு நல்ல சாட்சி. 2016 நவம்பர் 3 அன்று எகிப்திய மத்திய வங்கி தன் நாணயத்தைச் சந்தையின் போக்குக்கு விட்டது. அதற்கு முன் டாலருக்கு ஏறத்தாழ 8.8 எகிப்திய பவுண்டு. அந்த ஆண்டு முடிவில் ஏறத்தாழ 18. முதல் பத்து மாதங்களுக்கு 8.8, கடைசி இரண்டு மாதங்களுக்கு 18 என்று எளிமையாக எடுத்துக்கொண்டால், பன்னிரண்டு மாதச் சராசரி சுமார் 10.3. ஓர் அமெரிக்க நிறுவனத்தின் எகிப்துக் கிளை நிறுவனம் முதல் பத்து மாதங்களில் 40 லட்சமும் கடைசி இரண்டு மாதங்களில் 60 லட்சமும் எகிப்திய பவுண்டு ஈட்டியது என்று கொள்வோம். ஆண்டுச் சராசரியில் மாற்றினால் லாபம் சுமார் 9.7 லட்சம் டாலர். இரண்டு கட்டங்களையும் தனித்தனியே மாற்றினால் சுமார் 7.9 லட்சம் டாலர்தான். அதிகப்படியாகத் தெரிந்த 1.8 லட்சம் டாலர் வெறும் கணித மாயை.

இதனால்தான் கவனமுள்ள நிறுவனங்கள் ஆண்டுச் சராசரியை எடுப்பதில்லை. ஒவ்வொரு மாத லாபத்தையும் அந்தந்த மாதச் சராசரியில் மாற்றி, பிறகு கூட்டுகின்றன. தீபாவளி விற்பனை, கிறிஸ்துமஸ் விற்பனை என்று வருமானம் சில மாதங்களில் குவியும் தொழில்களில், நாணயம் அமைதியாக இருக்கும் ஆண்டிலும் இதுவே சரியான வழி. பெரிய ஒற்றைப் பரிவர்த்தனை ஏதாவது இருந்தால், ஒரு கட்டட விற்பனை போல, அதை மட்டும் பிரித்து அன்றைய விகிதத்தில் மாற்றிவிடுவது நல்லது.

இந்த இரட்டை விகித முறைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. துணை நிறுவனம் கடும் பணவீக்க நாட்டில் இருந்தால், முதலில் விலைவாசிக் குறியீட்டெண் கொண்டு அதன் கணக்கு முழுவதும் ஆண்டிறுதி மதிப்புக்குத் திருத்தப்படும். பிறகு லாப நட்டக் கணக்கு உட்பட எல்லாமே இறுதி நாள் விகிதத்தில் மாறும். வரவு செலவுகள் ஏற்கெனவே ஆண்டிறுதிப் பண மதிப்புக்கு வந்துவிட்டதால், அங்கே சராசரிக்கு வேலையில்லை. அர்ஜென்டினாவுக்கு 2018 முதலும் துருக்கிக்கு 2022 முதலும் இந்த முறை பொருந்தி வந்திருக்கிறது.

காப்பில் சேரும் தொகை என்றைக்கும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. தாய் நிறுவனம் அந்தத் துணை நிறுவனத்தை விற்கும் நாளில், அதுவரை சேர்ந்த மொத்த வேறுபாடும் காப்பிலிருந்து எடுக்கப்பட்டு லாப நட்டக் கணக்குக்கு வரும். நம் எடுத்துக்காட்டு நிறுவனம் இரண்டாம் ஆண்டின் முடிவில் தன் பிரிட்டிஷ் நிறுவனத்தை 13.52 கோடி ரூபாய்க்கு, அதாவது அதன் கணக்கு மதிப்புக்கே விற்றாலும், 34 லட்சம் ரூபாய் லாபம் காட்டும்.