எந்த மாதத்து ஸ்டைபெண்ட்?

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் செய்யும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். மாதம் 12,000 ரூபாய் ஸ்டைபெண்ட். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கணக்கில் வரவு வைக்கப்படும் என்று ஆஃபர் லெட்டரில் இருக்கிறது. ஜூன், ஜூலைக்கான பணம் வந்துவிட்டது. அதன்பின் வரவில்லை. அக்டோபர் நடுவில் அவள் எச்.ஆருக்கு எழுதிய மெயில் இது:

“மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கவும். எனக்கு மூணு மாசமா ஸ்டைபெண்ட் வரலை. ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும், ரொம்பக் கஷ்டமா இருக்கு. தயவுசெய்து கொஞ்சம் பாருங்க மேடம்.”

பணிவுக்கு இதில் குறையே இல்லை. ஆனால் இதை வைத்து எச்.ஆரால் எதுவும் செய்ய முடியாது. “மூணு மாசம்” என்றால் எவை? அவள் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று எண்ணியிருக்கிறாள். அக்டோபர் இன்னும் முடியவே இல்லை. அதற்கான பணம் நவம்பர் 7 வரை பாக்கி ஆகாது. எச்.ஆரின் பதிவில் இரண்டு மாதம்தான் நிலுவை என்று காட்டும். கணக்கு இடித்தவுடன் மெயில் “சரிபார்க்க வேண்டும்” என்று ஓரமாகப் போய்விடும்.

இந்தக் குழப்பம் அடிக்கடி நடப்பது. செப்டம்பர் ஸ்டைபெண்ட் என்றால் செப்டம்பரில் வேலை செய்ததற்கானதா, செப்டம்பரில் வரவேண்டியதா? இன்டர்ன் ஒன்றை நினைத்து எழுதுவார், அக்கவுன்ட்ஸ் இன்னொன்றாகப் படிப்பார்கள். எனவே வேலை செய்த மாதத்தையும் பணம் வந்திருக்கவேண்டிய தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும். கடைசியாக வந்த பணம் எந்த மாதத்துக்கானது என்றும் சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இன்னொரு விஷயம். பணத்தை விடுவிப்பது பெரும்பாலும் எச்.ஆர். அல்ல. அவர் அந்த மெயிலை அப்படியே அக்கவுன்ட்ஸுக்கு அனுப்புவார். உங்களைத் தெரியாத ஒருவர் படித்தாலும் புரியும்படி அது இருக்க வேண்டும். முழுப்பெயர், இன்டர்ன் ஐடி, பிரிவு, சேர்ந்த தேதி எல்லாம் அதற்காகத்தான். அலுவலக மெயில்கள் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், திருத்திய மெயிலின் உள்ளடக்கத்தை இங்கே தமிழில் தருகிறேன்.

“பொருள்: ஸ்டைபெண்ட் நிலுவை – ஆகஸ்ட், செப்டம்பர் 2025 – (பெயர், இன்டர்ன் ஐடி)

மதிப்பிற்குரிய மேடம், டெஸ்டிங் பிரிவில் 2025 ஜூன் 2 முதல் இன்டர்னாகப் பணிபுரிகிறேன். ஜூன், ஜூலை மாதங்களுக்கான ஸ்டைபெண்ட் கிடைத்தது, நன்றி. ஆகஸ்ட் மாதத்துக்கான 12,000 ரூபாய் (செப்டம்பர் 7க்குள் வரவேண்டியது), செப்டம்பர் மாதத்துக்கான 12,000 ரூபாய் (அக்டோபர் 7க்குள் வரவேண்டியது), ஆக மொத்தம் 24,000 ரூபாய், இன்று அக்டோபர் 14 வரை என் கணக்கில் வரவில்லை. இரு மாத வருகைப்பதிவுக்கும் என் மேலாளர் ஒப்புதல் அளித்துள்ளார். என் தரப்பில் ஆவணமோ வங்கி விவரமோ தேவைப்பட்டால் உடனே தருகிறேன். தொகை எந்தத் தேதியில் வரும் என்பதை அக்டோபர் 17க்குள் தெரிவித்தால் ஹாஸ்டல் கட்டணத்தைத் திட்டமிட உதவியாக இருக்கும். ஆஃபர் லெட்டரை இணைத்துள்ளேன்.”

மன்னிப்பு போய்விட்டது. பேசியபடி வரவேண்டிய பணத்தைக் கேட்பதற்கு மன்னிப்பு எதற்கு? ஹாஸ்டல் கட்டணம் மட்டும் இருக்கிறது, ஆனால் பதில் தேதி கேட்பதற்கான காரணமாக. குற்றம்சாட்டும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. தாமதத்துக்குக் காரணம் இன்னும் தெரியாதே.

வருகைப்பதிவு பற்றிய வரியை உறுதி செய்துகொண்ட பிறகே எழுத வேண்டும். மேலாளரின் ஒப்புதல் நின்றுபோயிருந்தால் பணமும் அங்கேயே நின்றிருக்கும். முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும். பான் கார்டில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் ஒரு பெயரும் இருப்பது, பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண் கொடுத்தது போன்றவற்றாலும் பணம் தடைபடலாம். முழுக் கணக்கு எண்ணை மெயிலில் எழுத வேண்டாம், கடைசி நான்கு இலக்கம் போதும்.

சொன்ன தேதிக்குள் பதில் வராவிட்டால் புது மெயில் தொடங்காமல், அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரியில் நினைவூட்டி, மேலாளருக்கும் நகல் வையுங்கள். அதன் பிறகுதான் மேலதிகாரி.

அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிவானவர்களுக்கு அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் ஸ்டைபெண்ட் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது; அவர்கள் அதைக் குறிப்பிடலாம். சாதாரண இன்டர்ன்களுக்கு அந்த விதி பொருந்தாது. அவர்கள் கையில் இருப்பது ஆஃபர் லெட்டரும் இந்த மெயில்களும்தான். இன்டர்ன்ஷிப் முடிந்ததும் நிறுவன மெயில் ஐடி மூடப்பட்டுவிடும் என்பதால், முதல் மெயிலிலேயே உங்கள் சொந்த ஐடிக்கும் ஒரு நகல் வைத்துவிடுங்கள்.