உப்புப் போடும் முன் ஒரு கரண்டி

சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஊழியருக்காக ஒரு டயட்டீஷியன் கேன்டீனுக்கு அனுப்பும் மின்னஞ்சல் பல நேரம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: ‘இவருக்குச் சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் குறைவாகவும் புரதம் மிதமாகவும் உள்ள உணவு வழங்கவும்.’ இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் விடியற்காலையில் அண்டாவில் பருப்பைக் கொட்டும் மாஸ்டர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தனக்குத் தெரிந்த பத்தியச் சாப்பாட்டைப் போடுவார். தயிர்சாதம், வாய்க்கு ருசி வேண்டுமே என்று ஓரத்தில் ஊறுகாய். கொஞ்சம் கரிசனம் உள்ளவர் என்றால் ‘கிட்னிக்கு நல்லது’ என்று ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறும் தருவார். வாழைத்தண்டைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் சிறுநீரகக் கல்லுக்காக. சிறுநீரகத்தின் வேலைத்திறனே குறைந்துபோவது வேறு சங்கதி. அப்படிப்பட்டவருக்குப் பச்சைச் சாற்றில் வரும் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் தேங்கும்.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் லேத் பிரிவில் வேலை. வயது 52, எடை 60 கிலோ. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம் 26. இது நாள்பட்ட சிறுநீரக நோயில் நான்காம் நிலை. 15க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. டயாலிசிஸ் தொடங்கவில்லை, சர்க்கரை நோய் இல்லை, கால் வீக்கமும் இல்லை. இரத்தப் பொட்டாசியம் 5.6, அதாவது இருக்க வேண்டியதைவிடச் சற்று மேலே. சிறுநீரகத்தைக் காப்பதற்காகக் கொடுக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை என்பதால் டாக்டர் அந்த எண்ணின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறார். பொட்டாசியம் ஏறினால் வலிக்காது, பெரும்பாலும் ஒரு அறிகுறியும் தெரியாது. அளவு மீறிப் போனால் நேராக இதயத் துடிப்பைத்தான் குலைக்கும்.

இவர் டயட்டீஷியனிடம், “வீட்டுல உப்பை அளந்துதாங்க போடுறாங்க” என்கிறார். அது உண்மையும்கூட. ஆனால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பரிசோதித்ததில் சோடியம் 170 மில்லிமோல். சாப்பிடும் சோடியத்தில் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறும். ஒரு கிராம் உப்பு ஏறக்குறைய 17 மில்லிமோல் சோடியம். அப்படியானால் அந்த நாளில் இவர் சாப்பிட்டது சுமார் 10 கிராம் உப்பு. அவருக்கு அனுமதித்ததோ 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்குள். மீதி எங்கிருந்து வந்தது?

மதியத் தட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். உப்பு ‘சரியாக இருக்கிறது’ என்று நம் நாக்கு ஒப்புக்கொள்ளும் குழம்பிலும் கூட்டிலும் பெரும்பாலும் 100 கிராமுக்கு 1 கிராமை ஒட்டி உப்பு இருக்கும். சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் சேர்ந்து 450 கிராம் தட்டில் விழுந்தால் அதிலேயே நாலரை கிராம். ஒரு ஸ்பூன் ஊறுகாய்க்கு ஒரு கிராமுக்கு மேல். அப்பளத்தில் உப்பும் உண்டு, அப்பளக்காரமும் உண்டு, இரண்டிலும் சோடியம்தான். கொண்டைக்கடலை சீக்கிரம் வேக வேண்டும் என்று போடும் ஆப்ப சோடாவும் அதே கணக்கு. அது உப்புக் கரிக்காது என்பதால் யாரும் அதை உப்பாக எண்ணுவதில்லை. ஒரு நாள் அளவை ஒரே வேளைச் சாப்பாடு தாண்டிவிடுகிறது.

இங்கேதான் மின்னஞ்சல் எப்படி எழுதப்படுகிறது என்பது முக்கியமாகிறது. நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொங்கும் சமையலறையில் ஒருவருக்காகத் தனி அடுப்பு எரியாது. எரிய வைத்தாலும் ஒரு வாரம் நடக்கும், பிறகு மாஸ்டர் லீவு போடும் நாளில் நின்றுபோகும். அதனால் தனியாக ஒரு சமையல் கேட்பதைவிட, நடக்கிற சமையலில் எந்த நிமிடத்தில் ஒரு கிண்ணம் எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்பதே நிலைக்கும். நல்ல மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

‘கேன்டீன் மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். டோக்கன் எண் 118 உடைய ஊழியருக்கு மருத்துவக் காரணத்தால் மதிய உணவில் சில மாற்றங்கள் தேவை. அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். புதிதாக எதையும் சமைக்க வேண்டியதில்லை.

பொரியலுக்குக் காயை வழக்கம்போல் நறுக்கி, நிறையத் தண்ணீரில் உப்பில்லாமல் வேகவிட்டு வடித்துவிடுங்கள். உப்புச் சேர்ப்பதற்கு முன் ஒரு கிண்ணம் தனியே எடுத்துவிடுங்கள். சாம்பாருக்கு வெந்த பருப்பில், தண்ணீரை இறுத்துவிட்டு, கெட்டியாக ஒரு சிறிய கரண்டி மட்டும் புளி, தக்காளி, உப்பு சேரும் முன் எடுத்து வையுங்கள். இரண்டையும் கடுகு, சீரகம், மிளகு, பூண்டு, கறிவேப்பிலை போட்டுத் தாராளமாக எண்ணெய் விட்டுத் தாளித்துக் கொடுங்கள். கடையில் வாங்கிய மசாலாப் பொடி வேண்டாம், அதில் உப்பு இருக்கலாம். சோறு வெள்ளைச் சோறாக, வயிறு நிறைய. ஒரு வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு, அரைக் கிண்ணம் தயிர். ரசம், ஊறுகாய், அப்பளம், இளநீர், வாழைத்தண்டுச் சாறு, கீரைச் சூப் வேண்டாம். உப்பை அவரே பொட்டலத்தில் கொண்டுவருவார், கால் டீஸ்பூன். அதற்கு மேல் கேட்டாலும் தர வேண்டாம். ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் உப்பை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

உருளைக்கிழங்கு, சேனை, வாழைக்காய், முருங்கைக்காய் சமைக்கும் நாளில் இவருக்காகச் சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோஸ் இவற்றில் ஒன்று இரண்டு கைப்பிடி வேகவைத்தால் போதும். இந்த ஏற்பாடு மூன்று மாதத்துக்கு மட்டும். அதற்குள் புதிய குறிப்பு அனுப்புவேன்.’

இதில் ‘குறைந்த சோடியம்’ உப்பைப் பற்றிய வரிதான் உயிருக்கு நேரடியாகத் தொடர்புடையது. அந்தப் பாக்கெட்டில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். இரத்த அழுத்தம் மட்டும் உள்ள, சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கு அது உதவலாம். இவருக்கு அது பொட்டாசியத்தை ஸ்பூனில் ஊட்டுவது போலத்தான். உப்பைக் குறைக்கச் சொன்னதும் கேன்டீன்காரர் நல்லெண்ணத்தோடு முதலில் வாங்கி வைப்பது அதைத்தான்.

தண்ணீரை வடிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொட்டாசியம் தண்ணீரில் கரையும். காயைச் சிறிதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் அதில் கணிசமான பகுதி தண்ணீருக்குப் போய்விடும். பச்சைத் தண்ணீரில் வெறுமனே ஊறவைத்தால் அவ்வளவு இறங்காது. இப்போது நம் சமையலை யோசித்துப் பாருங்கள். சாம்பாரிலும் கூட்டிலும் காயும் பருப்பும் வெந்த தண்ணீர் எங்கும் போவதில்லை, தட்டுக்கே வருகிறது. ரசம் இன்னும் ஒரு படி மேல்: பருப்புத் தண்ணீர், தக்காளி, புளி மூன்றும் சேர்ந்தது அது. ஊருக்கெல்லாம் சத்து என்று நாம் வீணாக்காமல் சேர்த்து வைக்கும் தண்ணீர்தான் இவருக்கு ஆகாதது. அதனால்தான் இவருக்குப் பொரியல் நண்பன், குழம்பு அந்நியன். கேன்டீனுக்கும் இழப்பில்லை, அந்தப் பருப்புத் தண்ணீர் மற்றவர்களின் ரசத்துக்குப் போகும்.

இதே கணக்கில் இன்னொரு முரண்பாடும் உண்டு. இப்போது பல கேன்டீன்களில் வாரம் ஒரு நாள் ‘ஆரோக்கியத் தினம்’: கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், முருங்கைக்கீரை, இளநீர். மற்ற ஆறு நாளும் மைதா தின்பவருக்கு நல்லதுதான். நம் லேத் தொழிலாளிக்கோ அது வாரத்தின் மோசமான நாள். தீட்டிய வெள்ளை அரிசியில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் குறைவு. எல்லோருக்கும் ‘விடுங்கள்’ என்று சொல்லும் சாதத்தை இவருக்கு மட்டும் ‘நன்றாகச் சாப்பிடுங்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ‘நன்றாக’ என்ற சொல்லை மின்னஞ்சலில் விட்டுவிடக் கூடாது. இவருடைய எடைக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் வீதம் நாளுக்கு 48 கிராம் புரதம். மதியப் பங்கு சுமார் 17 கிராம். 100 கிராம் அரிசியில் வடித்த சோற்றில் 8, பருப்பில் 3, வெள்ளைக்கருவில் மூன்றரை, தயிரில் ஒன்றரை முதல் 2: ஏறக்குறைய அங்கே வந்து நிற்கிறது. ஆனால் பயத்தில் சோற்றையும் எண்ணெயையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கத் தொடங்கும். எடை இறங்கும், கிரியாட்டினின்கூடக் குறைந்தது போலத் தெரியும். தசை குறைந்தாலே கிரியாட்டினின் குறையும் என்பதால் அந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. சட்டை தோளில் தொளதொளக்க ஆரம்பித்தால் டயட்டீஷியனிடம் திரும்பிப் போக வேண்டும்.

மாலை டீயோடு வரும் பிஸ்கட், பாக்கெட் நொறுக்குத் தீனி, கோலா ஆகியவற்றுக்கு வேறு வகைக் கவனம் தேவை. பருப்பிலும் தானியத்திலும் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே உடம்பில் சேரும். பதப்படுத்தும்போது சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் பெரும்பாலும் முழுதாகவே சேர்ந்துவிடும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் 338 முதல் 341 வரையோ 450 முதல் 452 வரையோ எண் இருந்தால் அது பாஸ்பேட் குடும்பம். மாஸ்டருக்கு இதைச் சொல்லிப் பயனில்லை, இதைப் படிக்க வேண்டியவர் ஊழியர்தான்.

மின்னஞ்சலில் நோயின் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தற்செயல் அல்ல. கேன்டீன் சுவரில் ஒட்டப்படும் தாளை எல்லா ஷிஃப்டும் படிக்கும். சமைப்பவருக்குத் தேவை டோக்கன் எண்ணும் செய்முறையும். கிரியாட்டினின் அளவு அல்ல. எதையெல்லாம் சொல்லலாம் என்று ஊழியரைக் கேட்டு, எழுதியதை அவரிடம் காட்டிவிட்டு அனுப்புவதுதான் முறை.

அனுப்பிய பிறகு நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு மாதம் கழித்து மறுபடியும் 24 மணி நேரச் சிறுநீர். சோடியம் 85 மில்லிமோலை ஒட்டி வந்தால் உப்பு 5 கிராமுக்கு இறங்கிவிட்டது. 140இலேயே நின்றால் கிண்ணம் எடுப்பதற்கு முன்பே யாரோ உப்பைப் போட்டுவிடுகிறார்கள், அல்லது இவர் பக்கத்து இலையில் கை வைக்கிறார். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். பொட்டாசியம் 5க்குக் கீழே வந்து டாக்டரும் சம்மதித்தால் தக்காளியையும் கொஞ்சம் சாம்பாரையும் திரும்பச் சேர்க்கலாம். காரணமில்லாமல் காயும் பழமும் இல்லாமல் ஒருவரை வைத்திருப்பதும் சரியல்ல.

அந்த மூன்று மாதக் கெடு இதற்காகத்தான். நாளை இவருக்கு டயாலிசிஸ் தொடங்கினால் கணக்கே தலைகீழாகும். டயாலிசிஸில் புரதம் வெளியேறுவதால் தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை உயரும். பருப்பையும் முட்டையையும் கூட்டிக் கொடுக்க வேண்டும், குடிக்கும் தண்ணீரையும் அளக்க வேண்டியிருக்கும். அன்றைக்கும் பழைய தாளைப் பார்த்து ஒரு சிறிய கரண்டிப் பருப்பே பரிமாறினால் கேன்டீன் அவரைப் பட்டினி போடுகிறது என்று பொருள். புதிய குறிப்பின் முதல் வரியாகவே எழுதிவிட வேண்டும்: பழைய தாளைக் கிழித்துவிட்டு இதை ஒட்டுங்கள்.