வாரம் 64 மணி நேரம் வேலை: டாக்கா குடிசைச் சிறுவர்களுக்குப் படிப்பு ஏது?

வங்கதேசத் தலைநகர் டாக்காவின் குடிசைப் பகுதிகளில் 2,700 வீடுகளில் கணக்கெடுத்தார்கள். 2016-ல் வெளியான முடிவு திடுக்கிட வைத்தது.

பள்ளியை விட்டு வேலைக்குப் போன சிறுவர்கள் சராசரியாக வாரம் 64 மணி நேரம் உழைத்தார்கள். ஆறு நாள் வேலை என்றால் தினம் பத்தரை மணி நேரத்துக்கு மேல்! அப்புறம் புத்தகத்தைத் தொடுவது எப்போ? வேலையையும் படிப்பையும் சேர்த்துச் சமாளித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கோளாறு எங்கே? அப்போது அங்கே கட்டாயக் கல்வி ஐந்தாம் வகுப்போடு, சுமார் 10 வயதில் சரி. வேலைக்குச் சேரவோ சட்டப்படி 14 வயது ஆகணும். 12 வயதுக்காரர்கள் படிப்பு கெடாத லேசான வேலை மட்டும் பார்க்கலாம் என்றது 2006 சட்டம்.

நடுவே நாலு வருஷம் அந்தரம்! பள்ளிக்கு வா என்று கட்டாயப்படுத்தச் சட்டமில்லை, வீட்டிலோ வறுமை. 14 வயதில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலையில் இருந்தார்கள்.