ஒரே எண்ணை இருமுறை போட்டால்

“2017-இல் வைஃபையின் மறையாக்கம் உடைந்தது என்று படித்தேன். அதில் இருந்தது ஏஇஎஸ். ஆனால் ஏஇஎஸ்ஸை இதுவரை யாரும் உடைக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். இதில் எது பொய்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டும் பொய் இல்லை. ஏஇஎஸ் அன்றும் உடையவில்லை, இன்றும் உடையவில்லை. ஆனாலும் செய்தி கசிந்தது. “128 பிட் சாவி, பிரபஞ்சத்தின் ஆயுள் முழுவதும் முயன்றாலும் கண்டுபிடிக்க முடியாது” என்று விளம்பரங்கள் சொல்கின்றனவே, அந்தக் கணக்கும் சரிதான். எதிரி அந்தச் சாவியைத் தேடவே இல்லை என்பதுதான் விஷயம்.

ஏஇஎஸ்ஸைப் பயன்படுத்தும் முறைகள் பல. அவற்றில் கவுண்டர் முறை மிக வேகமானது, மிகப் பரவலானது. இதில் நம் செய்தி ஏஇஎஸ்ஸுக்குள் நுழைவதே கிடையாது. உள்ளே போவது இரண்டு எண்கள். ஒன்று, அந்தச் செய்திக்கு மட்டுமே உரிய ‘நான்ஸ்’ என்ற எண். மற்றது 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும் கவுண்டர். ஒவ்வொரு முறையும் ஏஇஎஸ் 16 பைட்டுகளைத் துப்பும். சாவி தெரியாதவருக்கு அவை வெறும் தாறுமாறான பைட்டுகள். அவற்றை நம் செய்தியின் மேல் எக்ஸ்ஓஆர் செய்தால் மறைசெய்தி தயார். செய்தியைப் பெறுபவர் அதே பைட்டுகளை உருவாக்கி மறுபடி எக்ஸ்ஓஆர் செய்தால் செய்தி திரும்பக் கிடைக்கும்.

மளிகைக் கடையில் எண்ணெயை டின்னோடு சேர்த்து நிறுத்து, மொத்த எடையை மட்டும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். டின்னின் எடை தெரியாதவரை உள்ளே எவ்வளவு எண்ணெய் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே டின்னில் மறுநாளும் நிறுத்தால் என்ன ஆகும்? ஒரு மொத்தத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் டின் காணாமல் போகும். மிஞ்சுவது இரண்டு எண்ணெய்களுக்கும் உள்ள வித்தியாசம். முதல் நாள் ஐந்து கிலோ என்று எப்படியோ தெரிந்துவிட்டால் இரண்டாம் நாள் கணக்கும் வெளியே வந்துவிடும், டின்னின் எடையும் வந்துவிடும். பிறகு அந்த டின்னில் எதை நிறுத்தாலும் ரகசியம் இல்லை. ஏஇஎஸ் என்பது டின் செய்யும் பட்டறை. நான்ஸும் கவுண்டரும் சேர்ந்த எண்ணைக் கொடுத்தால், யாரும் ஊகிக்க முடியாத எடையில் ஒரு டின் அடித்துத் தரும். அதே எண்ணைக் கொடுத்தால் அச்சு பிசகாமல் அதே டின். பட்டறைக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் பயனில்லை, எதிரி அந்தப் பக்கமே போவதில்லை. அவருக்குத் தராசு போதும்.

எக்ஸ்ஓஆரில் இந்தக் கழித்தல் இன்னும் எளிது. ஒரு எண்ணை அதனுடனேயே எக்ஸ்ஓஆர் செய்தால் பூஜ்யம். ஆகவே ஒரே நான்ஸில் மறைத்த C1, C2 என்ற இரண்டு மறைசெய்திகளை ஒன்றோடொன்று எக்ஸ்ஓஆர் செய்தால் ஏஇஎஸ் தந்த பைட்டுகள் முழுவதும் அடிபட்டுப் போய், P1, P2 என்ற மூலச் செய்திகளின் வித்தியாசம் மிஞ்சுகிறது:

```
C1 xor C2 = P1 xor P2
```

வித்தியாசம்தானே கிடைத்தது, செய்தி கிடைக்கவில்லையே என்று தோன்றலாம். மனிதர்கள் எழுதும் வாசகத்துக்கு அந்த வித்தியாசமே போதும். ஏழு எழுத்து கொண்ட இரண்டு ஆங்கிலச் செய்திகளிலிருந்து பதினாறடிமானத்தில் இப்படிக் கிடைத்தது என்று கொள்வோம்:

```
13 0E 14 65 6E 0E 03
```

கணினியில் இரண்டு பெரிய எழுத்துகளை எக்ஸ்ஓஆர் செய்தால் விடை 20-க்குக் கீழேதான் வரும். இடைவெளியின் குறியீடு 20. அது ஒரு பெரிய எழுத்தோடு சேர்ந்தால் அதே எழுத்தின் சிறிய வடிவம் வரும். மேலே 65 என்பது e, 6E என்பது n. ஆக நான்காம் இடத்தில் ஒரு செய்தியில் இடைவெளி, மற்றதில் E. ஐந்தாம் இடத்தில் ஒன்றில் இடைவெளி, மற்றதில் N. ஒரே செய்தியில் அடுத்தடுத்து இரண்டு இடைவெளி வருவது அரிது. எனவே ஒரு செய்தி மூன்றெழுத்துச் சொல்லில் தொடங்கி, இடைவெளி விட்டு, N என்று தொடர்கிறது. மற்றது E-யில் முடியும் நான்கெழுத்துச் சொல்.

அந்த மூன்றெழுத்து PAY-ஆக இருக்குமா? போட்டுப் பார்த்தால் எதிர்ப்பக்கம் COM வருகிறது. நான்காவது E என்று ஏற்கெனவே தெரியும், ஆகவே COME. தவறான சொல்லைப் போட்டிருந்தால் எதிர்ப்பக்கம் பெரும்பாலும் பொருளற்ற எழுத்துகள்தாம் வந்திருக்கும். ஊகம் சரியா என்பதை மற்ற செய்தியே சொல்லிவிடுகிறது. N-இல் தொடங்கும் சொல்லை NOW என்று போட்டால் மறுபக்கம் AT. முடிந்தது: PAY NOW, COME AT. இதில் சாவி எங்கேயும் வரவில்லை. தாளும் பென்சிலும் போதும்.

இது புதிதாகத் தெரிந்த பலவீனமும் அல்ல. 1941 ஆகஸ்ட் 30 அன்று ஜெர்மன் ராணுவத்தின் லோரன்ஸ் மறையாக்கக் கருவியை இயக்கியவர், சுமார் 4,000 எழுத்துச் செய்தி ஒன்றை அதே அமைப்பில், சில சொற்களைச் சுருக்கி மறுபடி அனுப்பினார். பிரிட்டனின் ஜான் டில்ட்மன் இரண்டையும் பிரித்துப் படித்தார். அதிலிருந்து கிடைத்த தொடரை வைத்து பில் டட், கண்ணால் பார்த்திராத கருவியின் அமைப்பையே வரைந்துவிட்டார்.

இனி வைஃபை. அங்கும் ஏஇஎஸ் கவுண்டர் முறையில்தான் இயங்கியது. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தி வான்ஹூஃப், ஃபிராங்க் பீசன்ஸ் இருவரும் வெளியிட்ட ‘கிராக்’ தாக்குதலின் அடிப்படை, ஒரே நான்ஸைத் திரும்ப வரச் செய்வதுதான். நம் போன் ரூட்டரோடு சேரும்போது நான்கு செய்திகள் பரிமாறப்படும். மூன்றாவது வந்ததும் போன் புதிய சாவியைப் பொருத்தி, பாக்கெட் எண்ணைத் தொடக்கத்துக்குக் கொண்டுவரும். நான்ஸின் முக்கியப் பகுதி அந்த எண்தான். நான்காவது செய்தி வந்து சேராவிட்டால் ரூட்டர் மூன்றாவதைத் திரும்ப அனுப்ப வேண்டும் என்பது விதி. தாக்குபவர் நடுவில் நின்று நான்காவதைத் தடுத்தார். மூன்றாவது மீண்டும் வந்தது. போன் அதே சாவியை மறுபடி பொருத்தி, பாக்கெட் எண்ணை மறுபடி தொடக்கத்துக்குத் திருப்பியது. இடையில் அனுப்பிய பாக்கெட்டுகளின் நான்ஸ்கள் இப்போது திரும்ப வருகின்றன. பாக்கெட் எண் மறைக்கப்படாமலே காற்றில் போவதால், எது திரும்ப வருகிறது என்பதைக் கேட்பவர் நேராகவே பார்க்கலாம். இணையத்தில் சேரும்போது அனுப்பும் முதல் சில பாக்கெட்டுகளின் உள்ளடக்கம் பெரும்பாலும் யாரும் ஊகிக்கக்கூடியதே. டின்னின் எடை அங்கேயே தெரிந்துவிடும்.

“வைஃபை ஒழிந்தது” என்று அன்று வந்த தலைப்புகள் மிகை. தாக்குபவர் அலை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வைஃபை கடவுச்சொல் வெளிவராது, அதனால் அதை மாற்றியும் பயனில்லை. வங்கித் தளம் போன்றவற்றின் எச்டிடிபிஎஸ் என்ற இன்னொரு உறையும் சரியாக இருந்தால் அப்படியே நிற்கும். தீர்வும் சிறியது: ஏற்கெனவே பொருத்திய சாவியை மறுபடி பொருத்தாதே என்று மென்பொருளில் ஒரு திருத்தம். அந்தத் திருத்தம் வந்து சேராத பழைய கருவிகளில்தான் ஆபத்து மிச்சம் இருக்கிறது.

இன்று பரவலாக உள்ள ஜிசிஎம் முறையும் உள்ளே கவுண்டர் முறைதான், கூடவே செய்தியை யாரும் திருத்தவில்லை என்று உறுதி செய்யும் முத்திரை ஒன்றும் உண்டு. அதில் நான்ஸ் திரும்பினால் கேடு அதிகம். அந்த முத்திரைக்கான ரகசிய மதிப்பே கணக்குப் போட்டால் கிடைத்துவிடும், பிறகு போலிச் செய்திக்கும் முத்திரை குத்தலாம்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்ஸை நிரலில் நிலையான எண்ணாக எழுதாதீர்கள். நினைவகத்தில் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், மின்சாரம் போய் வந்ததும் கருவி பழைய எண்ணிலிருந்து தொடங்கும். அப்போது சாவியையும் மாற்றுங்கள். எண் திரும்பாது என்று உறுதி தர முடியாத இடத்தில் ஏஇஎஸ்-ஜிசிஎம்-எஸ்ஐவி முறையைப் பயன்படுத்துங்கள். அதில் நான்ஸ் ஒருமுறை திரும்பினாலும், அதே செய்தி மறுபடி வந்ததா என்பதற்கு மேல் எதுவும் வெளியே தெரியாது.