தாளில் லாபம், கணக்கில் நஷ்டம்: பேக்டெஸ்ட் மறந்துபோகும் 82 ரூபாய்

பங்கு வாங்கி விற்பதற்கு ஒரு விதியை எழுதிவிட்டு, 'போன மூன்று வருஷமும் இப்படியே செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?' என்று பழைய விலைகளை வைத்துப் பார்ப்பதைத்தான் பேக்டெஸ்ட் என்கிறார்கள். கணினியும் கொஞ்சம் எக்செல் பழக்கமும் இருந்தால் இன்று யாரும் செய்துவிடலாம். கோடு மேலே மேலே ஏறுவதைப் பார்த்துப் பணத்தைப் போட்டவர்கள், ஆறு மாதம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்துத் திகைக்கிறார்கள். விதி தப்பாமல் வேலை செய்திருக்கிறது, விலைகளும் எதிர்பார்த்தபடியே நகர்ந்திருக்கின்றன. பணம் மட்டும் இல்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம், ஒவ்வொரு வர்த்தகத்திலும் கழிகிற தரகும் வரியும் கட்டணமும்தான்.

ஒரே ஒரு வர்த்தகத்தை எடுத்துக்கொள்வோம். தேசியப் பங்குச் சந்தையில் 500 ரூபாய் விலையுள்ள பங்கில் 200 காலையில் வாங்குகிறீர்கள். அதே நாளில் 501 ரூபாய்க்கு விற்கிறீர்கள். 1,00,000-க்கு வாங்கி 1,00,200-க்கு விற்றாயிற்று. பேக்டெஸ்ட் இதை 200 ரூபாய் லாபம் என்று எழுதிக்கொள்ளும்.

உங்கள் தரகர் ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் அல்லது மதிப்பில் 0.03 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை வாங்குபவர் என்று வைத்துக்கொள்வோம். வாங்க 20, விற்க 20, ஆக 40 ரூபாய். எஸ்.டி.டி. எனப்படும் பங்குப் பரிவர்த்தனை வரி, இன்ட்ராடேயில் விற்பனை மதிப்புக்கு மட்டும் 0.025 சதவீதம், அது 25 ரூபாய். சந்தைக் கட்டணம் வாங்குவதற்கும் உண்டு, விற்பதற்கும் உண்டு. 2024 அக்டோபரில் வந்த விகிதப்படி லட்சத்துக்கு 2 ரூபாய் 97 காசு என்றால் 5 ரூபாய் 95 காசு. செபி கட்டணம் கோடிக்கு 10 ரூபாய். நமக்கு 20 காசு. தரகு, சந்தைக் கட்டணம், செபி கட்டணம் மூன்றையும் கூட்டி அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; 8 ரூபாய் 31 காசு. முத்திரைத் தீர்வை வாங்கும் மதிப்புக்கு மட்டும் 0.003 சதவீதம், 3 ரூபாய்.

மொத்தம் 82 ரூபாய் 46 காசு. கையில் நிற்பது 117 ரூபாய் 54 காசு. பங்கின் விலை 41 காசு ஏறும் வரை நீங்கள் இன்னும் நஷ்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

இதைக் கடைசியில் மொத்தமாகக் கழித்துக்கொள்ளலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. நீங்கள் எந்த விதியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதையே இந்த 82 ரூபாய் மாற்றிவிடும். ஒரே உத்தியை இரண்டு விதமாகச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட விலையில் ஓட்டினால் 400 வர்த்தகம், மொத்த லாபம் 30,000 ரூபாய். முப்பது நிமிட விலையில் ஓட்டினால் 90 வர்த்தகம், 18,000 ரூபாய். செலவைப் போடாத பேக்டெஸ்ட் முதலாவதைத்தான் கைகாட்டும். போட்டுப் பாருங்கள்: 400 வர்த்தகத்துக்குச் சுமார் 33,000 ரூபாய் போகிறது, 3,000 ரூபாய் நஷ்டம். 90 வர்த்தகத்துக்குச் சுமார் 7,400 போனாலும் 10,600 ரூபாய் மிஞ்சுகிறது. செலவில்லாத சோதனை எப்போதும் அடிக்கடி வாங்கி விற்கிற விதியைத்தான் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் ஒவ்வொரு வர்த்தகம் முடியும்போதே அதன் செலவைக் கழித்துவிட வேண்டும்; ஜெயித்ததா தோற்றதா என்பதையும் கழித்த பிறகுதான் எண்ண வேண்டும். 60 ரூபாய் லாபம் காட்டிய வர்த்தகம் உண்மையில் தோல்வி.

'சதவீதமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் என்ன?' என்ற கேள்வி வரும். மேலே பார்த்த லட்ச ரூபாய் வர்த்தகத்தில் செலவு, வாங்கிய மதிப்பில் சுமார் 0.08 சதவீதம். அதையே 10,000 ரூபாய்க்குச் செய்தால் தரகு 20-ஐத் தொடாமல் 0.03 சதவீதத்திலேயே நிற்கும். மொத்தச் செலவு 0.1 சதவீதத்தைத் தாண்டும். 10 லட்சத்துக்குச் செய்தால் தரகு அதே 40 ரூபாய்தான், மொத்தம் 0.04 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். ஒரே எண் மூன்றுக்கும் பொருந்தாது. ஒவ்வொரு கட்டணத்தையும் அதனதன் விதிப்படி தனித்தனியாகக் கணக்கிடுவதுதான் வழி. தரகை ஆர்டர் கணக்கில் போடுங்கள். ஒரே ஆர்டர் மூன்று துண்டாக நிறைவேறினாலும் தரகு ஒன்றுதான். நீங்களே இரண்டு ஆர்டராகப் பிரித்து விற்றால் தரகும் இரண்டு.

நிரல் எழுதுகிறவர்கள் வழுக்குகிற இடம் இன்னொன்று உண்டு. முதல் ஆர்டர் என்றால் வாங்குவது, இரண்டாவது என்றால் விற்பது என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்குகிற ஷார்ட் வர்த்தகத்தில் இது தலைகீழாகிவிடும், எஸ்.டி.டி. வாங்கிய மதிப்புக்கும் முத்திரைத் தீர்வை விற்ற மதிப்புக்கும் போய் உட்காரும். அதைவிடப் பெரிய அடி, வாங்கிய பங்கை அன்றே விற்காமல் மறுநாளைக்குக் கொண்டுபோகும்போது விழும். அது டெலிவரி ஆகிவிடுகிறது. எஸ்.டி.டி. வாங்கும்போதும் 0.1 சதவீதம், விற்கும்போதும் 0.1 சதவீதம். நம் உதாரணத்தில் 25 ரூபாயாக இருந்த வரி 200 ரூபாய் ஆகிறது. கிடைத்த லாபம் அப்படியே போய்விட்டது. உங்கள் விதி எப்போதாவது இரவைத் தாண்டும் என்றால், அந்த வர்த்தகங்களுக்கு வேறு கணக்கு தேவை.

விகிதங்களும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆப்ஷன் விற்பனையில் பிரீமியத்துக்கான எஸ்.டி.டி. 2023 ஏப்ரலில் 0.05 சதவீதத்திலிருந்து 0.0625 ஆனது, 2024 அக்டோபரில் 0.1 ஆனது. ஆகவே ஒவ்வொரு விகிதத்தையும் அது அமலுக்கு வந்த தேதியோடு எழுதி வையுங்கள். உங்கள் பழைய வர்த்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க அந்தந்த நாளின் விகிதம் வேண்டும். நாளை முதல் பணம் போடலாமா என்று முடிவெடுக்க, பழைய வருஷங்களுக்கும் இன்றைய விகிதத்தையே போட்டுப் பார்க்க வேண்டும். இனி நீங்கள் கட்டப்போவது அதைத்தானே. வருமான வரியை இதற்குள் கொண்டுவர வேண்டாம்; அது வருஷத்துக் கணக்கு, ஒவ்வொரு வர்த்தகத்தின் கணக்கல்ல.

செய்த கணக்கு சரிதானா என்று தெரிந்துகொள்ள வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. வர்த்தகம் செய்த நாளன்று தரகர் மின்னஞ்சலில் கான்ட்ராக்ட் நோட் அனுப்புகிறார். பெரும்பாலும் பான் எண்ணைப் போட்டுத் திறக்கும் அந்தத் தாளில் தரகு, சந்தைக் கட்டணம், ஜி.எஸ்.டி., எஸ்.டி.டி., முத்திரைத் தீர்வை எல்லாம் வரிவரியாக இருக்கும். அதிலுள்ள விலையையும் எண்ணிக்கையையும் உங்கள் கணக்கில் போட்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எஸ்.டி.டி. முழு ரூபாயாகத்தான் வரும், அதனால் சில காசு வித்தியாசம் இருக்கலாம். ரூபாய்க் கணக்கில் வித்தியாசம் வந்தால் எந்த வரியில் வருகிறதோ அங்கேதான் பிழை. எல்லா வரியும் பொருந்தியும் லாபம் மட்டும் பேக்டெஸ்டைவிடக் குறைந்தால், குறை கட்டணத்தில் இல்லை. நீங்கள் நினைத்த விலையில் ஆர்டர் நிறைவேறவில்லை என்று அர்த்தம். 500-க்கு வாங்குவதாக எழுதியிருப்பீர்கள், 500 ரூபாய் 20 காசுக்குக் கிடைத்திருக்கும். அதைத் தனி வரியாகவே வையுங்கள். கட்டணத்தோடு கலந்துவிட்டால் இரண்டையும் திருத்த முடியாமல் போகும்.

சிறு தொகையில் இருபது நாள் வர்த்தகம் செய்து, அந்த இருபது கான்ட்ராக்ட் நோட்டும் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகும் வரை பெரிய தொகையை இறக்காதீர்கள்.