துத்தநாக–செம்பு மின்கலமும் நெர்ன்ஸ்ட் சமன்பாடும்

துத்தநாக சல்பேட் கரைசலில் துத்தநாகத் தகடும், காப்பர் சல்பேட் கரைசலில் செம்புத் தகடும் நிற்க, இரண்டையும் உப்புப் பாலம் இணைக்கிறது. தகடுகளை முதலில் உப்புத்தாளால் தேய்த்து ஆக்சைடு படலத்தை நீக்க வேண்டும். இரு கரைசல்களும் 1 மோலார் செறிவில் இருந்தால் மல்டிமீட்டர் ஏறத்தாழ 1.10 வோல்ட் காட்டும்.

25 டிகிரி செல்சியஸில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு இது:

E = 1.10 − 0.0296 log([Zn²⁺]/[Cu²⁺])

செம்புக் கரைசலை மட்டும் 0.01 மோலாராக நீர்க்கச் செய்தால் விகிதம் 100 ஆகிறது. கணக்குப்படி மின்னழுத்தம் 1.04 வோல்ட். கவனமாக அளந்தாலோ சுமார் 1.07 வருகிறது. அடர்ந்த கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், அவற்றின் செயல்திறன் செறிவைவிடக் குறைகிறது. நீர்த்த கரைசலில் இந்தக் குறைவு சிறிது. அதனால் உண்மையான விகிதம் 10-ஐ ஒட்டியே நிற்கிறது. செறிவுக்குப் பதில் செயல்திறனை இட்டால் கணக்கும் அளவீடும் பொருந்தும்.